தோட்டத்தைக் காணமுங்க தம்பி

“என்னங்க தம்பி, தோட்டத்தையே காணமுங்க?”

கேமராவின் பின்திரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கார அம்மா கேட்டார். கோவைப் பக்கம் ஒரு புது வீடு. ஆர்க்கிடெக்ட் கேட்டுக்கொண்டதால் படமெடுக்கப் போயிருந்தேன். ஹாலின் மேற்குச் சுவர் முழுக்க ஒரே ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு. 12 அடி அகலம், 8 அடி உயரம், மூன்று தடத்தில் ஓடும் மூன்று கண்ணாடிகள். அதற்கு அப்பால் புல்தரை, வாழை, செம்பருத்தி, ஒரு கொய்யா, கடைசியில் மதிலை ஒட்டி வேப்பமரம். சோபாவில் உட்கார்ந்தால் தோட்டத்திலேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அதற்காகத்தான் அந்தச் சுவரையே எடுத்துவிட்டுக் கதவு வைத்திருந்தார்கள்.

நான் எடுத்த படத்திலோ ஹால் நன்றாக இருந்தது. கதவு இருந்த இடத்தில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டது போல ஒரு வெளுப்பு. “இருங்கம்மா” என்று சொல்லிவிட்டு, அளவை மாற்றி இன்னொன்று எடுத்தேன். இப்போது தோட்டம் இலை இலையாகத் தெரிந்தது. ஹால், படம் ஓடும்போது தாமதமாக நுழைந்த சினிமா தியேட்டர் போல இருட்டாகிவிட்டது.

“இப்ப வீட்டைக் காணமுங்களே” என்றார் அம்மா.

இது கேமராவின் கோளாறும் இல்லை, கதவின் கோளாறும் இல்லை. அந்த அம்மா அதே சோபாவில் உட்கார்ந்து, ஹாலையும் தோட்டத்தையும் சேர்த்துத்தான் தினமும் பார்க்கிறார். அவருக்கு இரண்டும் தெரிகின்றன. ஆனால் உண்மையில் அவர் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. பார்வை தோட்டத்துக்குப் போனதும் கண்மணி சுருங்குகிறது. விழித்திரையும் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்கிறது. உள்ளே திரும்பினால் மறுபடி விரிகிறது. இப்படித் துண்டு துண்டாகப் பார்த்ததையெல்லாம் மூளை ஒட்டித் தைத்து ஒரே காட்சியாகக் கொடுத்துவிடுகிறது. தையல் நமக்குத் தெரிவதே இல்லை. கேமராவோ ஒரு தடவை திறந்து ஒரு தடவை மூடுகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரே அளவுதான் கொடுக்க முடியும்.

சரி, உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் எவ்வளவு? இதைப் படக்காரர்கள் ‘ஸ்டாப்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு வெளிச்சம். இரண்டு ஸ்டாப் நான்கு மடங்கு, மூன்று ஸ்டாப் எட்டு மடங்கு. அன்று காலை பதினொன்றரை மணிக்கு, லென்ஸின் துவாரத்தை எஃப் 8 என்றும் ஐஎஸ்ஓவை 100 என்றும் நிறுத்திக்கொண்டு அளந்து பார்த்தேன். வெயிலடிக்கும் புல்தரைக்கு 250-இல் ஒரு பங்கு நொடி போதும் என்றது மீட்டர். விளக்குப் போடாத ஹாலின் நடுப்பகுதிக்கு ஒரு முழு நொடி வேண்டும் என்றது. அதாவது வெளியே இருப்பது 250 மடங்கு வெளிச்சம். எட்டு ஸ்டாப்.

நல்ல கேமராக்கள் பத்து, பதினொரு ஸ்டாப்புக்கு மேலேயே பதிவு செய்யுமே, எட்டு ஸ்டாப் என்ன பிரமாதம் என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். எட்டு என்பது இரண்டு சராசரிகளுக்கு நடுவே உள்ள தூரம் மட்டுமே. தோட்டத்துக்குள்ளேயே வெயில் பட்ட வெள்ளை மதில் ஒரு பக்கம், வாழைக்கு அடியில் கிடக்கும் நிழல் இன்னொரு பக்கம். ஹாலுக்குள்ளும் வெள்ளைத் தலையணை உறையிலிருந்து சோபாவுக்கு அடியில் உள்ள இருட்டு வரை ஒரு நீளம் இருக்கிறது. மதிலின் உச்சி வெண்மையிலிருந்து சோபாவின் அடி இருட்டு வரை எல்லாவற்றையும் பிடிக்க வேண்டுமானால் பதினாலு, பதினைந்து ஸ்டாப் தேவைப்படும். கேமரா எப்படியோ பிடித்துவிட்டாலும், காட்டுவதற்கு இடம் வேண்டுமே. நீங்கள் கையில் வைத்திருக்கும் பத்திரிகைத் தாளின் வெள்ளைக்கும் அதில் அச்சான கறுப்புக்கும் இடையே ஐந்தாறு ஸ்டாப்தான் இருக்கும். ஆனைக்கு வாங்கிய துணியில் பூனைக்குச் சட்டை தைப்பது எளிது. இங்கே வேலை தலைகீழ்.

ஆகவே வித்தியாசத்தைப் பிற்பாடு கம்ப்யூட்டரில் நசுக்குவதைவிட, கேமராவுக்கு முன்னாலேயே குறைத்துவிடுவது மேல். அதற்கு முதல் கருவி கடிகாரம்.

மேற்குப் பார்த்த தோட்டத்தைப் பதினொன்றரை மணிக்கு எடுத்தது என் தப்பு. வழியில் பஸ் தாமதம், அது வேறு கதை. மறுநாள் எட்டு மணிக்கே போய் நின்றேன். ஜனவரி மாதம், சூரியன் அந்த நேரத்தில் கிழக்கே தாழ்வாகத்தான் நிற்கும். 22 அடி உயர வீட்டின் நிழல் அறுபது அடிக்கு மேல் மேற்கே நீண்டு, நாற்பது அடித் தோட்டத்தை முழுதாக மூடி மதில்வரை ஏறியிருந்தது. தோட்டத்தில் வெயில் இல்லை. வானத்தின் வெளிச்சம் மட்டும். மீட்டர் இப்போது வெளியே 30-இல் ஒரு பங்கு நொடி காட்டியது. நேற்றைவிட மூன்று ஸ்டாப் குறைவு.

ஆனால் வித்தியாசம் அப்படியே மூன்று ஸ்டாப் குறைந்துவிடவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஹாலுக்கு வெளிச்சம் வருவதே அந்தக் கதவு வழியாகத்தான். தோட்டம் மங்கினால் ஹாலும் கூடவே மங்கும். உள்ளே அளந்தால் இரண்டு நொடி கேட்டது. நேற்று ஒரு நொடிதான். ஆக எட்டு ஸ்டாப், ஆறு ஸ்டாப்பாகத்தான் இறங்கியிருந்தது.

அடுத்ததாகப் பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஹாலின் கிழக்குச் சுவரில் இரண்டு ஜன்னல்கள்; கனத்த திரை போட்டு மூடியிருந்தன. கனத்த திரையை விலக்கிவிட்டு உள்ளே இருந்த மெல்லிய வெள்ளைத் திரையை மட்டும் விட்டோம். காலை வெயில் அதில் பட்டுப் பரவி, ஹாலுக்குள் நிழல் விழாத ஒரு பால் வெளிச்சம் வந்தது. இந்த வெளிச்சத்துக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தமில்லை. எனவே ஹால் மட்டும் ஒரு ஸ்டாப் ஏறியது. வித்தியாசம் ஐந்து. நேற்று 250 மடங்கு இருந்தது இன்று 32 மடங்கு. ஒரு விளக்குகூடப் போடவில்லை. ஒரு பைசா செலவில்லை. கிழக்குப் பார்த்த தோட்டமாக இருந்தால் இதையே பிற்பகலில் செய்ய வேண்டும்.

கேமரா எங்கே நிற்கிறது என்பதும் கணக்கில் சேரும். நிழல் தோட்டத்துக்கு மட்டும்தான். வானத்துக்கு நிழல் கிடையாது. சட்டகத்துக்குள் ஒரு துண்டு வானம் வந்தாலும் அது வெள்ளையாகக் கண்ணைக் குத்தும். கதவுக்கு நெருங்கி நின்றால் வானம் நிறையத் தெரியும். தள்ளிப் போகப் போகக் கதவின் மேல் விளிம்பு வானத்தைக் கத்தரித்துக்கொண்டே வரும். கதவிலிருந்து 16 அடி தள்ளி, தரையிலிருந்து நான்கடி உயரத்தில் கேமராவை வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் எட்டடிக் கதவின் மேல் விளிம்பு வழியாகப் போகும் பார்வை, மதிலுக்குப் போய்ச் சேரும்போது 18 அடி உயரத்தில் இருக்கும். வேப்பமரம் அதைவிட உயரம். வானம் மறைந்தது. நாலைந்து இலை இடுக்கில் மட்டும் மினுங்கியது, அது இருக்கட்டும்.

மிச்சமிருந்த ஐந்து ஸ்டாப்பைக் கடக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரே இடத்திலிருந்து பல படங்கள் எடுத்துப் பின்னால் சேர்ப்பது. இன்னொன்று, ஹாலுக்குள் ஃபிளாஷ் அடிப்பது.

முதல் வழியைத்தான் நம் போன்கள் நமக்குத் தெரியாமலேயே செய்கின்றன. பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் அவை பல படங்கள் எடுத்து, இருட்டான இடத்தைத் தூக்கி வெளுத்த இடத்தை இறக்கி ஒன்றாக்கிவிடும். பெரிய கேமராவில் டிரைபாடு போட்டு நாமே செய்ய வேண்டும். துவாரம், ஐஎஸ்ஓ, ஃபோகஸ், நிற அளவு நான்கையும் பூட்டிவிட்டு ஷட்டரை மட்டும் மாற்ற வேண்டும். நேற்றைய எட்டு ஸ்டாப்புக்கு 250-இல் ஒரு பங்கு, 60-இல் ஒரு பங்கு, 15-இல் ஒரு பங்கு, கால் நொடி, ஒரு நொடி என்று இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படங்கள் போதும். துவாரத்தை மாற்றக் கூடாது. மாற்றினால் எங்கே கூர்மை, எங்கே மங்கல் என்பதும் படத்துக்குப் படம் மாறி, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போகும்.

சேர்த்த படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முழுப் படத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அலுமினியச் சட்டம் தோட்டத்தைத் தொடும் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். தவறு நடந்திருந்தால் அங்கேதான் தெரியும். ஒரு நொடி திறந்து எடுத்த படத்தில், வெளுத்துப்போன தோட்டத்தின் வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறிச் சட்டத்தின் மேல் வழிந்து, கறுப்புச் சட்டத்தைச் சாம்பலாக்கி ஓரத்தையும் தின்றிருக்கும். அந்தப் படத்திலிருந்து சட்டத்தை எடுத்தால், தோட்டத்தைச் சுற்றிச் சாமி படத்துத் தலைக்குப் பின்னால் இருப்பது போல ஓர் ஒளிவட்டம் நிற்கும். சட்டத்தை நடுவில் உள்ள ஒரு படத்திலிருந்தும், தோட்டத்தை அதைவிடக் குறைவான நேரம் எடுத்த படத்திலிருந்தும் எடுத்து, கையால் பொருத்துவதே நல்லது. இரண்டாவது தடயம் இலைகள். காற்றில் வாழையிலை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். மென்பொருள் எல்லாவற்றையும் கலந்தால் ஒரே இலைக்குப் பேய்போல இரண்டு மூன்று நிழல்கள் முளைக்கும்.

எனக்கு ஃபிளாஷ்தான் பிடிக்கும். இதில் ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃபிளாஷ் வெளிச்சம் ஒரு நொடியைச் சில நூறு கூறாகப் போட்டால் அதில் ஒரு கூறு நேரம்கூட நிலைப்பது அரிது. ஷட்டர் 30-இல் ஒரு பங்கு நொடி திறந்திருந்தாலும், 125-இல் ஒரு பங்கு திறந்திருந்தாலும், ஃபிளாஷ் முழுதாக உள்ளே வந்து முடிந்துவிடும். தோட்டத்து வெளிச்சமோ தொடர்ந்து வந்துகொண்டிருப்பது. ஷட்டர் அதிக நேரம் திறந்தால் அதிகம் வரும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனிக் குழாய்கள் கிடைத்துவிடுகின்றன. ஷட்டர் தோட்டத்துக் குழாய். ஃபிளாஷின் பலம் ஹாலுக்கு உரிய குழாய். ஒன்றைத் திருகினால் மற்றது பெரிதாக அசையாது. ஒரே ஓர் எல்லை: பெரும்பாலான கேமராக்களில் ஷட்டர் 200 அல்லது 250-இல் ஒரு பங்கைவிட வேகமாகப் போனால் படத்தின் ஒரு பட்டை ஃபிளாஷ் படாமல் கறுத்துவிடும்.

முந்தைய நாள் நண்பகல் வெயிலுக்கு ஏன் இதைச் செய்யவில்லை? 250-இல் ஒரு பங்கு அந்த எல்லைக்குள்தானே வருகிறது? வருகிறது. ஆனால் ஹாலை ஆறு ஏழு ஸ்டாப் தூக்க வேண்டும். என்னிடம் இருந்த இரண்டு சின்ன ஃபிளாஷ்கள் அதற்குக் காணாது. ஐந்து ஸ்டாப் வித்தியாசத்தில் மூன்றரை ஸ்டாப் தூக்குவது அவற்றால் ஆகும்.

முதலில் தோட்டத்துக்கு மட்டும் அளவு வைத்தேன். வரிசை முக்கியம். வெளுத்துப்போன இடத்தில் கேமரா எதையும் பதிந்திருக்காது. பிறகு எவ்வளவு இறக்கினாலும் சாம்பல் நிறம்தான் வரும். இருண்ட இடத்தையாவது ஓரளவு தூக்கலாம். கேமராவில் வெளுத்த இடங்கள் மினுக்கி எச்சரிக்கும் வசதியைப் போட்டுவிட்டு, இலை இடுக்கு வானம் மட்டும் மினுக்கும் அளவுக்கு வந்ததும் நிறுத்தினேன். 30-இல் ஒரு பங்கு நொடி. பிறகு இரண்டு ஃபிளாஷ்களையும் எனக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரும் கூரையும் சேரும் மூலையைப் பார்த்துத் திருப்பி, முழுப் பலத்தில் அடித்தேன். நேராக அடித்தால் சோபாவுக்குப் பின்னால் கத்தியால் வெட்டியது போல நிழல் விழும். சுவரில் அடித்தால் சுவரே பெரிய விளக்காகிவிடும்.

வாழையிலை குழம்பியிருந்தது, 30-இல் ஒரு பங்கு காற்றுக்குப் போதாது. ஐஎஸ்ஓவை 100-லிருந்து 400-க்கு ஏற்றி, ஷட்டரை 125-இல் ஒரு பங்குக்குக் கொண்டுபோனேன். தோட்டம் முன்பு இருந்த அளவிலேயே நின்றது. ஐஎஸ்ஓ ஏறியதால் ஃபிளாஷ் நான்கு மடங்காகப் பதியுமே, அதனால் அதைக் கால்பங்குப் பலத்துக்கு இறக்கினேன். படம் அதே படம், இலை மட்டும் கூர்மை.

இப்போது சொல்லப்போவதுதான் நான் பத்துப் பதினைந்து வீடுகளைக் கெடுத்தபின் கற்றது. ஃபிளாஷைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனேன். ஹால் பளிச்சென்று வந்தது. தோட்டமும் ஹாலும் சரிசமமான வெளிச்சம். திரையைப் பார்த்த ஆர்க்கிடெக்டின் உதவியாளர், “சார், சலூன்ல சுவத்துல ஒட்டியிருக்குமே அந்தச் சீனரி மாதிரி இருக்கு” என்றான். சரியாகச் சொன்னான். உள்ளும் வெளியும் ஒரே அளவில் இருந்தால் கண் நம்புவதில்லை. வெளிச்சம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது என்பது நம் பிறவிப் பழக்கம். வெளி எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். சமமாக்கிவிட்டால் கதவுக்கு அப்பால் ஆழம் போய்விடும், தோட்டம் ஒரு காலண்டர் படமாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வீடு விற்பனை விளம்பரங்களில் வரும் பாதிப் படங்கள் இப்படித்தான் இருக்கின்றன.

என் கணக்கு, தோட்டம் ஹாலைவிட ஒரு ஸ்டாப்பிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வரை கூடுதலாக இருக்கலாம். அதற்குக் குறைந்தால் காலண்டர். இரண்டரை, மூன்றைத் தாண்டினால் மறுபடி வேட்டி காய ஆரம்பிக்கும். ஃபிளாஷை ஒன்றரை ஸ்டாப் இறக்கியதும் கதவு வழியாகக் காற்று வருவது போலிருந்தது. தரையில் கதவுப் பக்கம் வெளிச்சமாகவும், கேமராவை நோக்கி வர வர மங்கலாகவும் இருந்தது. அந்தச் சரிவை அழிக்காமல் விட வேண்டும்.

கண்ணாடி தன் பங்குக்குச் சில வேலைகள் செய்யும். சாதாரணத் தெளிந்த கண்ணாடி, தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஏறத்தாழ 88 பங்கை உள்ளே விடும். ஒரு கண்ணாடி என்றால் கவலையில்லை. ஸ்லைடிங் கதவைத் திறக்கும்போது மூன்று கண்ணாடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு பக்கம் போய் அடுக்கிக்கொள்கின்றன. மூன்றையும் கடந்து வருவது மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சம்தான். கூடவே கண்ணாடியில் உள்ள இரும்புச் சத்தால் லேசான பச்சைச் சாயல். திறந்த எட்டடியில் தோட்டம் ஒரு மாதிரியும், அடுக்கிய நாலடியில் இன்னொரு மாதிரியும் தெரியும். சாயக் கண்ணாடியாக இருந்தால் இது பூதாகரமாகிவிடும். கம்ப்யூட்டரில் அதைச் சமன் செய்துவிடலாம். நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். அங்கே கண்ணாடி இருக்கிறது என்று சொல்ல வேறு என்ன அடையாளம் இருக்கிறது? கொசுவலைக் கதவை மட்டும் தயவுதாட்சண்யம் இல்லாமல் ஒதுக்கிவிட வேண்டும். வெளிச்சத்தையும் குறைக்கும், இலைகளின் கூர்மையையும் தின்றுவிடும்.

கதவை மூடிவைத்து ஃபிளாஷ் அடித்தால், பின்சுவரில் விழுந்த வெளிச்சத் திட்டு கண்ணாடியில் பிரதிபலித்துத் தோட்டத்தின் நடுவே ஒரு வெள்ளை மேகமாக மிதக்கும். பந்து சுவரில் பட்டுத் திரும்புவது போலத்தான் ஒளியும் திரும்பும். கேமரா அந்தப் பாதையில் இல்லாதவாறு ஃபிளாஷை ஓரத்துக்குத் தள்ளினால் மேகம் ஒதுங்கிவிடும். போலரைசர் போட்டால் போகாதா என்பார்கள். கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும்போது போகும். நேர் எதிரே நின்று பார்க்கும்போது அது ஒன்றும் செய்யாது. உள்ளும் வெளியும் சேர்ந்து ஒன்றரை, இரண்டு ஸ்டாப் இருண்டுபோவதுதான் மிச்சம். கதவைத் திறந்துவைப்பது எல்லாவற்றையும்விட எளிது. மூடித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும். போர்த் தண்ணீர் தெளித்த உப்புக் கறை, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது பூக்கோலம் போலத் தெரியும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு விஷயம். வெயிலில் இருக்கும் புல்தரை தன் பச்சையை மேல்நோக்கி வீசும். அது கதவு வழியாக நுழைந்து ஹாலின் வெள்ளைக் கூரையில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் படத்தில் கதவோரக் கூரை பாசி பிடித்தது போல இருந்தது. கேமராவின் தானியங்கி நிற அளவு இதைச் சரிசெய்யப் போய், மரச் சாமான்களை ரோஜா நிறமாக்கிவிட்டது. நிழல் நேரத்தில் எடுத்தாலே இந்தப் பச்சை குறைந்துவிடும். மிச்சத்தை ஃபிளாஷின் வெள்ளை மூடிவிடும். பகல் படத்தில் வீட்டின் எல்இடி விளக்குகளை அணைத்துவிடுவேன். நிழல் தோட்டத்தின் நீலமும், பல்பின் மஞ்சளும், ஃபிளாஷின் வெள்ளையும் ஒரே படத்தில் சேர்ந்தால் எதைச் சரி செய்தாலும் மற்றது கெடும்.

விளக்குகளுக்கு உரிய நேரம் அந்தி. அப்போது தூக்க வேண்டியது ஒன்றுமில்லை; வெளிச்சம் தானே இறங்கி வரும். ஹால் விளக்குகளைப் போட்டு, ஹாலுக்கு ஏற்ற அளவை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். சூரியன் மறைந்தபின் நம் ஊரில் ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் வீதம் வெளி மங்குகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. வடக்கே ஸ்வீடன், நார்வே பக்கம் கோடையில் இதே அந்தி வெகுநேரம் தங்கும். நமக்குக் கிடைப்பது இருபத்துச் சொச்சம் நிமிடம்; அதில் உள்ளும் வெளியும் ஒத்துப்போவது ஐந்தாறு நிமிடம்.

அந்த ஐந்தாறு நிமிடத்தை இழுத்து நீட்டியவர் ஒருவர் இருந்தார். அமெரிக்கக் கட்டடப் படக்காரர் ஜூலியஸ் ஷுல்மன் (1910–2009). 1947-இல் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில், ரிச்சர்ட் நியூட்ரா கட்டிய காஃப்மன் வீட்டை அந்தியில் எடுத்தார். ஒரே ஃபிலிம் துண்டில் 45 நிமிடம். ஷட்டரைத் திறப்பதும் மூடுவதுமாக, வீட்டு விளக்குகளைப் போடுவதும் அணைப்பதுமாக, ஒவ்வொரு பகுதிக்கும் வேண்டிய வெளிச்சத்தைத் தனித்தனியாகக் கரண்டியில் அளந்து ஊற்றுவது போலச் சேர்த்தார். நீச்சல் குளத்தின் விளக்கு கேமராவில் நேராகக் குத்தியது; வீட்டுக்கார அம்மையாரைக் குளத்தோரம் படுக்கவைத்து அதை மறைத்தார். அந்தப் படத்தில் அவர் ஓய்வெடுப்பதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள்.

1960-இல் லாஸ் ஏஞ்சலீஸ் மலையுச்சியில் பியர் கோனிக் கட்டிய கண்ணாடி வீட்டில் அவர் செய்தது இன்னும் நேரடியான பாடம். வெளியே தோட்டம் இல்லை. கீழே நகரத்தின் விளக்குகள். வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு நகரத்துக்காக ஏறத்தாழ ஏழு நிமிடம் ஷட்டரைத் திறந்துவைத்தார். உள்ளே இரண்டு பெண்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஃபிளாஷ் பல்புகள் ஒரு கணம் எரிந்தன; பெண்களும் ஹாலும் அதே ஃபிலிமில் பதிந்தார்கள். வெளிக்கு நேரம், உள்ளுக்கு ஃபிளாஷ். நான் சொன்ன இரண்டு குழாய்கள்தான்.

போன் மட்டும் வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்? மேலே சொன்னவற்றில் கடிகாரம், திரைச்சீலை, நிற்கும் இடம் மூன்றும் போனுக்கும் பொருந்தும். எடுக்கும்போது திரையில் தோட்டத்தின் மேல் விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலே இழுத்து ஹால் போதிய அளவு தெரியும்வரை ஏற்றலாம். தோட்டம் வெளுக்கத் தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும். ஹால் கொஞ்சம் மங்கலாக இருந்தால் குடிமுழுகிப் போகாது.

அன்று காலைப் படம் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. சாயங்காலமும் ஒன்று எடுக்கலாம் என்று தங்கினேன். ஆறேகாலுக்குச் சூரியன் இறங்கியது. எஃப் 8, ஒரு நொடி என்று ஹால் விளக்குகளுக்கு அளவு வைத்துவிட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்துவைக்க முடியவில்லை. கொசு. ஆறு இருபதுக்கு வாழையிலை இன்னும் வெளிறித்தான் இருந்தது. ஆறு இருபத்தாறுக்குத் தோட்டம் நீலமாக, ஹால் மஞ்சளாக, இரண்டும் கைகோத்து நின்றன. ஆசை யாரை விட்டது? இன்னும் நீலம் வரட்டும் என்று ஆறு முப்பத்துநாலு வரை எடுத்தேன்.

அம்மா எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்து, கடைசிப் படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். வானம் அதில்தான் நல்ல நீலம். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வைத்துப் பார்த்தார்.

“தம்பி, கொய்யாமரத்துக்கிட்ட மூணு காலோட ஒரு ஆள் நிக்கறாரே, அது யாருங்க?”

பகலெல்லாம் கண்ணாடி திருப்பி அனுப்பிய அந்த நூற்றில் எட்டுப் பங்கை வெளிவெயில் முழுங்கிக்கொண்டிருந்தது. வெளி இருண்டதும் அது மேலே வந்துவிட்டது. டிரைபாடும் நானும், வெளிச்சமான ஹாலும், தோட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தோம். ஆறு இருபத்தாறு படத்தை எடுத்துக் காட்டினேன்.